ஏலக்காய், மிளகு, கிராம்பு: தரம் பார்த்து வாங்குவது எப்படி, பழைய சரக்கையும் சாயம் ஏற்றியதையும் கண்டுபிடிப்பது எப்படி

மதுரையில் சிறிய அளவில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் தொழில் எங்களுடையது. ஏலக்காய்க்குப் போடிநாயக்கனூர், மிளகுக்குக் கொல்லிமலையும் தாண்டிக்குடியும், கிராம்புக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மலையோரம் என்று வருடா வருடம் சரக்கு தேடிப் போகிறோம். வீட்டுக்கு ஐம்பது கிராம் வாங்குபவருக்கும் எங்களைப்போல மூட்டையில் வாங்குபவருக்கும் பார்க்க வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான். தேவையான பொருட்களும் வீட்டிலேயே இருக்கின்றன: ஒரு டம்ளர், கிராம் காட்டும் சிறு தராசு, வெள்ளைக் கிண்ணம், வெள்ளைத் துணி, அப்புறம் உங்கள் நகமும் மூக்கும்.

இந்த மூன்று சரக்குக்கும் மணம் தருவது உள்ளே இருக்கும் ஆவியாகும் எண்ணெய். தோலின் பச்சையோ கறுப்போ மினுமினுப்போ அந்த எண்ணெயைப் பற்றி அநேகமாக எதுவும் சொல்லாது. ஏமாற்றுபவர்கள் கைவைப்பது நிறத்திலும் மினுமினுப்பிலும்தான். வாங்குபவர் கண் முதலில் போவது அங்கே என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் நான் சொல்லும் வரிசையில் கண்ணுக்கு வேலை கடைசியில்தான்.

ஏலக்காய்: மில்லிமீட்டர் எதைச் சொல்கிறது

கடையில் "எட்டு எம்எம்", "ஏழு எம்எம்" என்று சொல்வார்கள். காயைச் சல்லடையில் சலித்து, எந்த அளவு ஓட்டையில் விழாமல் நிற்கிறதோ அதுதான் அந்த எண். அக்மார்க் தரப் பெயர்களும் இதையொட்டியவைதான். அலெப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்பது 7 மில்லிமீட்டருக்கு மேல், போல்டு 6க்கு மேல், சுப்பீரியர் 5க்கு மேல். மூட்டையில் ஏஜிஇபி, ஏஜிபி, ஏஜிஎஸ் என்று எழுதியிருந்தால் இதுதான் பொருள். போடியில் காய் காயாகப் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். வெடித்தது, மஞ்சளித்தது, பூச்சி துளைத்தது, காம்பு ஒட்டியது எல்லாம் அவர்கள் விரலில் பட்டு ஒதுங்கிவிடும்.

ஆனால் அந்த எண் சொல்வது பருமனை மட்டும்தான். அதே தரத்துக்கு இன்னொரு அளவும் உண்டு. கடைக்காரர்கள் அதைப் பேசுவதில்லை. அதுதான் லிட்டர் எடை. ஒரு லிட்டர் பாத்திரத்தில் தளரக் கொட்டினால் எவ்வளவு எடை நிற்கிறது என்பது. எக்ஸ்ட்ரா போல்டு லிட்டருக்கு 435 கிராம், போல்டு 415, சுப்பீரியர் 385 கிராமாவது இருக்க வேண்டும். லைட் என்று சொல்லும் லேசான காய் 260 கிராம்தான் நிற்கும். பெரிய காயாக இருந்தும் உள்ளே விதை முற்றாமல் இருந்தால் எடை நிற்காது. எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் போடியில் தரம் பிரிக்கும் ஒரு அக்கா. நான் பருவெட்டாகப் பச்சையாக இருந்த காயைக் கையில் அள்ளியபோது, "தம்பி, உள்ளங்கையில வச்சு ஒரு குலுக்கு குலுக்குங்க. கனம் தெரியலன்னா அது வெறும் தோலு" என்றார். அதற்குப் பிறகு கனம் பார்க்காமல் நான் ஏலக்காய் வாங்கியதில்லை.

வீட்டில் இதைச் செய்வது சுலபம். டம்ளரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். 200 கிராம் காட்டினால் அது 200 மில்லி டம்ளர். தண்ணீரைக் கொட்டி நன்றாகத் துடைத்து, ஏலக்காயை அழுத்தாமல் விளிம்பு மட்டம் வரை நிரப்பி எடை பாருங்கள். நல்ல எக்ஸ்ட்ரா போல்டு 87 கிராம் அளவில் இருக்க வேண்டும், போல்டு 83, சுப்பீரியர் 77. லைட் சரக்கு 52 கிராமிலேயே டம்ளரை நிரப்பிவிடும். சின்ன டம்ளரில் பெரிய காய்கள் ஓரங்களில் இடைவெளி விட்டு நிற்கும் என்பதால் இந்த எண்களை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு கடைச் சரக்கை ஒரே டம்ளரில் ஒப்பிடத்தான் இது. ஐந்து கிராம் வித்தியாசம் தெரிந்தாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. ஈரமும் எடையைக் கூட்டும். நன்றாகக் காய்ந்த ஏலக்காயின் தோலை மடித்தால் முறியும். துணிபோல வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். உள்பக்கம் வியர்த்தால் அந்தக் காயை வாங்க வேண்டாம். எடைக்கு எடை தண்ணீருக்குக் காசு கொடுப்பதோடு, வீட்டில் பூசணமும் பிடிக்கும்.

உடைத்துப் பாருங்கள்

எடைக்கு அடுத்தது உடைப்பது. கடைக்காரர் அனுமதியோடு மூன்று காய்களை எடுங்கள். நல்ல கடைக்காரர் தடுக்க மாட்டார். நகத்தால் கீறித் திறந்தால், மூன்று அறைகளிலும் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்க வேண்டும். விதை கருப்பாகவோ அடர்ந்த பழுப்பாகவோ, லேசாகப் பிசுபிசுப்பாக இருந்தால் முற்றிய புதுக் காய். வெளுத்த பழுப்பிலோ வெள்ளையாகவோ இருந்தால் முற்றாமல் பறித்தது. விதை சுருங்கி, கொத்து கலைந்து, உள்தோல் காகிதம்போல விலகி நின்றால் பழைய சரக்கு.

அப்புறம் விதையைக் கடித்து மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். ஏலக்காயில் இரண்டு மணம் சேர்ந்திருக்கிறது. ஒன்று யூகலிப்டஸ்போலக் குளிர்ச்சியானது, மூக்கைத் திறப்பது. இன்னொன்று பூவும் பழமும் கலந்தாற்போன்ற இனிப்பு. பாயசத்தில் நாம் ஏலக்காய் என்று உணர்வது இந்த இரண்டாவதைத்தான். பழைய காயில் இந்த இனிப்பு மங்கி, மருந்துக்கடை வாசனை மட்டும் தூக்கலாக நிற்கும். இன்னும் பழையதானால் அதுவும் போய், மரத்தூள் வாடை வரும். முகர்ந்தவுடனே முடிவு செய்யாதீர்கள். ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய கடையில் காற்றே மணக்கும். அங்கே எந்தக் காயை மோந்தாலும் நல்ல காய்தான். வெளியே வந்து, இரண்டு நிமிடம் விட்டுக் கடித்துப் பாருங்கள்.

பச்சை எங்கிருந்து வந்தது

ஏலக்காயைப் பறித்ததும் சூடான குழாய் ஓடும் உலர்த்தும் அறையிலோ கொட்டகையிலோ 45 முதல் 50 டிகிரி சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் காய வைப்பார்கள். ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ காய்ந்த ஏலம் கிடைக்கும். வெயிலில் காயப்போட்டால் பச்சை வெளுத்துவிடும் என்பதால்தான் இந்த அறை. காய வைப்பதற்கு முன் இரண்டு சதவீத சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைப்பதும் வழக்கத்தில் உண்டு. இலைப்பச்சை புளிப்புத் தன்மையில் பழுப்பாக மாறும். சோடா அதைத் தடுத்து, காயின் சொந்தப் பச்சையை நிற்க வைக்கும். இது சாயம் இல்லை. ஆகவே பச்சை அடர்த்தியாக இருப்பதாலேயே சாயம் என்று சொல்லிவிட முடியாது.

சாயம் வேறு கதை. மழை நாளில் சரியாகக் காயாமல் வெளுத்த காய், போன வருடத்து மங்கிய காய், முற்றாமல் பறித்த காய் இவற்றுக்குத்தான் செயற்கைப் பச்சை ஏற்றுவார்கள். ஏலக்காயில் எந்தச் செயற்கை நிறமும் சேர்க்க நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அனுமதி கிடையாது.

கண்டுபிடிக்க ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து நான்கைந்து காய்களைப் போடுங்கள். காயின் சொந்தப் பச்சை தண்ணீரில் கரையாது. பத்து நிமிடம் கழித்துத் தண்ணீர் வெளிர் மஞ்சளாகவோ தேநீர் நிறத்தில் மிக லேசாகவோ மாறலாம், அது சரிதான். ஒன்றிரண்டு நிமிடத்திலேயே கிளிப்பச்சையோ நீலம் கலந்த பச்சையோ காயிலிருந்து நூல்போல இறங்கினால் அது சாயம். கடையிலேயே பார்க்க வேண்டுமென்றால் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, காயை அதில் வைத்து நன்றாகத் தேயுங்கள். மண் நிறம் ஒட்டினால் தூசி, பளிச்சென்று பச்சை ஒட்டினால் சந்தேகப்படுங்கள்.

இந்தச் சோதனையைச் சானிடைசரோ ஸ்பிரிட்டோ வைத்துச் செய்து பார்த்து, நல்ல ஏலக்காயைச் சாயம் என்று திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இலைப்பச்சை தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். அதனால் அசல் காயும் அங்கே பச்சை விடும். தண்ணீரில்தான் செய்ய வேண்டும். அதேபோல, தண்ணீரில் நிறம் விடாததாலேயே எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. கரையாதபடி ஏற்றிய நிறம் இருந்தால் ஆய்வகம்தான் சொல்ல முடியும். அங்கே கண்ணுக்கு ஒரு வேலை உண்டு. இயற்கையான காயில் காம்பருகே ஒரு நிறம், நுனியில் ஒரு நிறம், காய்க்குக் காய் ஏற்றத்தாழ்வு என்று இருக்கும். உள்தோல் வெளிறியிருக்கும். மூட்டை முழுக்க ஒரே பச்சையாக, தோலின் வரிப்பள்ளங்களில் நிறம் தேங்கி, வெடிப்பு வழியாக உள்தோலிலும் விதையிலும் பச்சைத் திட்டு இறங்கியிருந்தால் வாங்காமல் விடுவது நல்லது.

இரண்டு சாம்பிள், ஒரு கணக்கு

ஒரு தீபாவளி சமயத்தில் தேநீர் மசாலாவுக்காக ஐந்து கிலோ ஏலக்காய் தேவைப்பட்டது. இரண்டு இடங்களிலிருந்து கால் கிலோ சாம்பிள் வாங்கினேன். முதலாவது எட்டு எம்எம், கிலோ 3,400 ரூபாய், கண்ணைப் பறிக்கும் பச்சை. இரண்டாவது ஆறும் ஏழும் கலந்தது, 2,900 ரூபாய், சில காய்கள் மஞ்சள் சாய்ந்த பச்சை. வீட்டில் யாரிடம் காட்டினாலும் முதலாவதைத்தான் எடுப்பார்கள்.

200 மில்லி டம்ளரில் முதலாவது 76 கிராம் நின்றது, இரண்டாவது 84. எட்டு எம்எம் காய்க்கு 87 வர வேண்டிய இடத்தில் 76. அடுத்து ஒவ்வொன்றிலும் 20 கிராம் எடுத்து உடைத்துத் தோலையும் விதையையும் தனித்தனியாக நிறுத்தேன். முதலாவதில் விதை 12.4 கிராம், இரண்டாவதில் 14.2. அதாவது ஒன்றில் 62 சதவீதம், மற்றதில் 71. நல்ல ஏலக்காயில் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் விதையாக இருக்கும், மீதி தோல். மணம் முழுக்க விதையில்தான்.

இனி விலையை விதைக்குப் போட்டுப் பார்ப்போம். 3,400ஐ 0.62ஆல் வகுத்தால், முதல் சரக்கில் ஒரு கிலோ விதை 5,484 ரூபாய். 2,900ஐ 0.71ஆல் வகுத்தால், இரண்டாவதில் 4,085 ரூபாய். காய்க்குக் காய் 500 ரூபாய் வித்தியாசம்தான். விதைக்கு விதை பார்த்தால் 1,400 ரூபாய்! வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டபோது முதல் சரக்கு இரண்டாவது நிமிடத்திலேயே பச்சை விட்டது. கடித்தால் மருந்து வாசனை மட்டும். விற்றவரிடம் கேட்டபோது, "எல்லாரும் பச்சையா இருந்தாத்தான் அண்ணே கேக்குறாங்க" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். தேநீருக்கும் பொடிக்கும் பாயசத்துக்கும் ஆறு எம்எம் கனமான காய் போதும். எட்டு எம்எம் வாங்குவது பிரியாணியில் முழுதாகத் தெரியவும், பரிசாகக் கொடுக்கவும்தான். வெடித்த காய், நிறம் மங்கிய காய் என்று ஒதுக்கியது குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதிலும் விதை கறுத்து முற்றியதாக இருந்தால், உடனே பொடிக்கப் போகிறவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் வெடிப்பு வழியாக எண்ணெய் பறந்துவிடும் என்பதால் அதைச் சேர்த்து வைக்கக் கூடாது.

மிளகு: காரம் இருக்கும், மணம் இருக்காது

பழைய மிளகைக் கண்டுபிடிப்பது ஏலக்காயைவிடக் கடினம். காரணம், மிளகின் காரமும் மணமும் வேறு வேறு பொருள்கள். காரம் பிப்பரின் என்ற பொருளால் வருகிறது, அது ஆவியாகாது. மணம் எண்ணெயால் வருகிறது. அது போய்க்கொண்டே இருக்கும். மூன்று வருடத்து மிளகைக் கடித்தாலும் நாக்கு எரியும். எரிகிறது, அதனால் நல்ல மிளகு என்று நினைத்துவிடுகிறோம்.

ஐந்து மிளகை ஒரு கரண்டியின் பின்புறத்தால் நசுக்கி உடனே முகருங்கள். புது மிளகில் முதலில் எலுமிச்சைத் தோல், அடுத்து பைன் மரப் பிசின், அதன் பின்னால்தான் காரநெடி வரும். பழையதில் நெடி மட்டும் வரும், அல்லது சாக்குப்பை வாசனை. ரசத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். புது மிளகை இறக்கும் நேரத்தில் நுணுக்கிப் போட்டால் அடுப்பங்கரைக்கு வெளியே மணக்கும். பழையது தொண்டையில் மட்டும் நிற்கும்.

மிளகுக்கும் பருமன் தரம் உண்டு. தலச்சேரி என்று பெயர் போட்டு அதிக விலைக்கு விற்பது பெரும்பாலும் ஊர்ப் பெயர் இல்லை, அளவின் பெயர். 4.25 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும் மிளகு தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு, 4.75க்கு மேல் ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு. ஒரே கொடியில் காய்த்ததைச் சலித்தாலே பெரியது அந்தப் பெயரிலும் மீதி மலபார் என்ற பெயரிலும் போகும். பெரிய மிளகு பெரும்பாலும் நன்றாக முற்றியது என்பதால் மணம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பன்னியூர் ஒன்று போன்ற ரகம் இயல்பிலேயே பருமன், கரிமுண்டா சிறியது. சிறியதாக இருப்பதால் மட்டம் என்று கரிமுண்டாவைத் தள்ளினால் நஷ்டம் உங்களுக்குத்தான். கொல்லிமலைச் சந்தையில் நான் வாங்கும் மிளகு ஒரே அளவில் இருக்காது. அதை நான் குறையாகப் பார்த்ததில்லை.

கனம் பார்க்க அதே டம்ளர்தான். நல்ல மிளகு லிட்டருக்கு 550 கிராம் அளவில் நிற்கும், 200 மில்லி டம்ளரில் 110 கிராம். 95க்குக் கீழே போனால் பொக்கு மிளகு நிறையக் கலந்திருக்கிறது. பொக்கு என்பது முற்றுவதற்குள் பறித்தது, உள்ளே பருப்பு வைக்காதது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினாலே நொறுங்கும். நல்ல மிளகு விரலுக்கு மசியாது. பல்லில் வைத்தால் டக்கென்று உடையும். பொக்கு மிளகு விஷம் ஒன்றும் இல்லை. சாறு எடுக்கும் ஆலைகள் அதைத்தான் தேடி வாங்கும். முழு மிளகு விலைக்கு அதை நாம் வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

பப்பாளி விதைக் கலப்படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தண்ணீரில் போட்டால் மிளகு மூழ்கும், காய்ந்த பப்பாளி விதை மிதக்கும். ஆனால் போட்டவுடன் பார்க்காதீர்கள். மிளகின் சுருக்கங்களில் காற்று இருப்பதால் நல்ல மிளகும் முதலில் மிதக்கும். கரண்டியால் நன்றாகக் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பிறகும் மிதப்பதை எடுத்து உடைத்தால் விடை கிடைத்துவிடும். மிளகின் உள்பக்கம் வெண்மையாக, கெட்டியாக, நடுவில் சிறு குழியோடு இருக்கும். பொக்கு மிளகு உள்ளே காலி. பப்பாளி விதை உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக, உள்ளே பழுப்பாக இருக்கும்.

இதைவிட நான் அஞ்சுவது எண்ணெய்ப் பூச்சுக்குத்தான். பூசணம் பிடித்த, சாம்பல் பூத்த மிளகைக் கழுவிக் காய வைத்து, கனிம எண்ணெய் பூசிக் கறுகறுவென்று மினுக்குவது. பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் அது, சாப்பிடுவதற்கு அல்ல. 2012 இறுதியில் கொச்சிக் கிடங்குகளில் 6,000 டன்னுக்கும் மேற்பட்ட மிளகை உணவுப் பாதுகாப்புத் துறை முத்திரையிட்டது இந்தக் காரணத்தால்தான். இதைப் பார்க்க ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் வைத்து, இரண்டு கைகளாலும் அரை நிமிடம் தேய்த்துச் சூடாக்கி முகருங்கள். மண்ணெண்ணெய் நெடி இழையோடினால் வேண்டாம். வெள்ளை டிஷ்யூ தாளில் முழு மிளகைப் பொதிந்து தேய்த்து, தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். உடையாத மிளகு எண்ணெய்க் கறை விடக் கூடாது. இயற்கையாகக் காய்ந்த மிளகு கறுப்பும் பழுப்பும் கலந்து, மங்கலாகத்தான் இருக்கும். பறித்த மிளகை ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுத்துக் காய வைத்தால் ஒரே சீரான கறுப்பு வரும். அது நல்ல முறை. அந்தக் கறுப்பு கையில் ஒட்டாது, பிசுக்கென்றும் இருக்காது.

சாம்பல் நிறத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மழையில் நனைந்து காய்ந்த மிளகு வெளுத்திருக்கும், தேய்த்தாலும் நிறம் போகாது, மணம் கெட்டிருக்காது. பூசணம் என்றால் சுருக்கங்களுக்குள் வெண்பஞ்சு போலத் தெரியும், தேய்த்தால் தூளாக வரும், பழைய வீட்டுச் சுவர் வாடை அடிக்கும். இரண்டாவதை விலை குறைந்தாலும் தொடாதீர்கள்.

கிராம்பு: நகமே போதும்

கிராம்பு என்பது மலராத மொட்டு. மொட்டு பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் சமயத்தில், விரிவதற்கு முன் பறித்து, நான்கைந்து நாள் வெயிலில் காய வைக்கிறார்கள். நம்மூரில் கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலை, வெள்ளிமலைப் பக்கம் விளைகிறது; 2021ல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் கடைகளில் இருப்பதில் பெரும்பகுதி மடகாஸ்கர், கொமொரோஸ், தான்சானியா, இலங்கை, இந்தோனேசியா ஆகிய இடங்களிலிருந்து வருவதுதான். அதில் குறை ஒன்றும் இல்லை.

கிராம்பில் நடக்கும் பெரிய ஏமாற்று, எண்ணெய் எடுத்த சக்கையைத் திரும்பக் காய வைத்து நல்ல கிராம்போடு கலப்பது. நல்ல கிராம்பின் எடையில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். வேறெந்த மசாலாச் சரக்கிலும் இவ்வளவு காண்பது அரிது. அதனால் எண்ணெயைத் தனியாக விற்று, சக்கையையும் கிராம்பு விலைக்கு விற்கும் ஆசை சிலருக்கு வருகிறது. சக்கை பார்க்கக் கிராம்புபோலவே இருக்கும், இன்னும் கறுப்பாகக்கூட. வாசனையும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

கிராம்பின் தண்டுப் பகுதியை, தலையை அல்ல, கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். தோலுக்கு அடியிலேயே எண்ணெய்ப் பைகள் இருப்பதால் நல்ல கிராம்பு உடனே ஈரம் கசியும், நகத்தில் பளபளப்பு தெரியும். சக்கை காய்ந்த சுள்ளிபோல முறியும். இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் ஒன்றை வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து நசுக்குங்கள். தாளில் கண்ணாடிபோல எண்ணெய்க் கறை படர வேண்டும். பத்துக் கிராம்பில் இதைச் செய்யுங்கள். கலப்படம் கால் பங்குதான் இருக்கும் என்பதால் ஒன்றிரண்டை மட்டும் பார்த்தால் தப்பிவிடும்.

தண்ணீர்ச் சோதனையும் உண்டு. கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது. அதனால் எண்ணெய் நிறைந்த கிராம்பு அடியில் போய் நிற்கும், அல்லது தலை மேலாக, தண்டு கீழாக நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் போனது குச்சிபோலப் படுத்து மிதக்கும். நிமிர்ந்து மிதப்பதைப் பார்த்துக் கலப்படம் என்று பயந்துவிடாதீர்கள். பார்க்க வேண்டியது படுக்கிறதா என்பதை.

தரம் என்று பார்த்தால், தலை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும், செம்பழுப்பு நிறக் கிராம்பு முதல் தரம். மூட்டையை உருட்டிப் புரட்டியதில் தலை உதிர்ந்தது குறைந்த விலைக்குக் கிடைக்கும். அரைப்பதற்கு நான் அதைத்தான் வாங்குகிறேன், ஏனென்றால் எண்ணெய் இருப்பது தண்டில். ஒதுக்க வேண்டியது மூன்று: சரியாகக் காயாமல் புளித்து, வெளுத்துச் சுருங்கிய கிராம்பு, பறிக்காமல் விட்டுக் காயான, வயிறு பருத்த தாய்க் கிராம்பு, கவட்டைக் கவட்டையாக வரும் பூக்காம்பு. முதலாவதில் பூசண வாடை, மற்ற இரண்டிலும் எண்ணெய் குறைவு. நூறு கிராமைத் தட்டில் பரப்பிப் பொறுக்கினால் இவை ஐந்து கிராமுக்கு மேல் வரக் கூடாது என்பது என் கணக்கு.

கடைசியாக நாக்கு. நல்ல கிராம்பை மெல்லக் கடித்து நாக்கு நுனியில் வைத்தால் முதலில் இனிப்பு, அடுத்து சூடு, அரை நிமிடத்தில் மரத்துப்போகும். மரத்துப்போகாத கிராம்பு பல்வலிக்கும் உதவாது, குஸ்காவுக்கும் உதவாது.

எப்போது, எவ்வளவு வாங்குவது, எப்படி வைப்பது

ஏலக்காய் ஆடி, ஆவணியில் வர ஆரம்பித்து, ஐப்பசி கார்த்திகையில் உச்சத்தில் இருக்கும். மிளகு மார்கழி தொடங்கிப் பங்குனி வரை பறிப்பார்கள். எனவே ஏலக்காயை ஐப்பசி முதல் தை வரையிலும், மிளகை மாசி முதல் சித்திரை வரையிலும் வாங்கினால் புதுச் சரக்கு கிடைக்க வாய்ப்பு அதிகம். வைகாசியில் ஒருவர் "புது ஏலம்" என்று பளிச்சென்ற பச்சையைக் காட்டினால் கிண்ணத்தில் வெந்நீர் எடுங்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஏலக்காய் 50 கிராம், மிளகு கால் கிலோ, கிராம்பு 25 கிராம் என்பது மூன்று மாதத்துக்குத் தாராளம். வெளிச்சம் பட்டால் ஏலத்தின் பச்சை வெளுக்கும், மிளகும் கெடும். மொத்த வியாபாரிகள் கறுப்புப் பிளாஸ்டிக் உறைக்குள் ஏலக்காயைக் கட்டுவது அதற்காகத்தான். எவர்சில்வர் டப்பா போதும், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ஏலக்காயை உரித்து விதையாகவோ பொடியாகவோ சேர்த்து வைக்காதீர்கள். தோல்தான் அதற்கு மூடி. கிராம்பைத் தனி டப்பாவில் போடுங்கள். கூட வைத்தால் ஏலக்காயும் கிராம்பு மணக்கும்.

சாயமோ கனிம எண்ணெயோ என்று பலமான சந்தேகம் வந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கவும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு வழி செய்திருக்கிறது. ஆனால் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், அது சட்டத்திலேயே இருக்கும் நிபந்தனை. முடிவு உங்கள் பக்கம் வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். பில்லைக் கேட்டு வாங்குங்கள், மீதிச் சரக்கைப் பிரிக்காமல் அப்படியே கட்டி வையுங்கள்.